முதலில் பேரீச்சை, தண்ணீர், அப்புறம்தான் கஞ்சி

ரமலான் மாலையில் பள்ளிவாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவர் முன்னாலும் ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சி, ஒரு வடை, சின்னதாக மூன்று பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்ந்த மணம் மூக்கைத் துளைக்கும். ஆனாலும் மஃரிப் பாங்கு ஒலித்ததும் கை பேரீச்சைக்குத்தான் போகும்.

நபிகள் நாயகம் மஃரிப் தொழுகைக்கு முன் ருதப் எனும் கனிந்த பேரீச்சையால் நோன்பு திறப்பார்கள். அது இல்லையென்றால் தமர் எனும் உலர்ந்த பேரீச்சை. அதுவும் இல்லையென்றால் சில மிடறு தண்ணீர் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. நாங்கள் இப்படிச் செய்வது அது சுன்னத் என்பதால். அப்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டபோது, அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் பிடித்துப்போயின.

நம் ஊரில் சஹர் முடிந்து நோன்பு திறக்க ஏறத்தாழ 13 மணி நேரம். சஹரில் சாப்பிட்டது முற்பகலுக்குள் செரித்துவிடும். அதன்பின் இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். அது கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் 100 கிராம் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது. மூளை மட்டுமே மணிக்கு 5 கிராம் குளுக்கோஸ் கேட்கும். மாலைக்குள் அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும். உடல் கொழுப்பையும் எரிக்கத் தொடங்கியிருக்கும். ஆரோக்கியமானவருக்கு இரத்தச் சர்க்கரை அப்போதும் அபாயமான அளவுக்கு இறங்காது. அஸருக்குப் பின் வரும் தலைவலிக்குப் பலருக்கும் காரணம், காலையில் குடிக்காமல் விட்ட டீதான்.

இந்த நேரத்தில் பேரீச்சை எப்படி உதவுகிறது? காய் பருவத்தில் அதன் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் வாங்கும் சீனியில் இருப்பதே. பழம் கனியும்போது அதிலுள்ள ஒரு நொதி அதை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. குடல் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை மரமே முடித்துக் கொடுத்துவிடுகிறது. குளுக்கோஸ் சில நிமிடங்களில் இரத்தத்துக்கு வரத் தொடங்கும். ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய், காலியான கிடங்கை நிரப்ப உதவும். பழத்தின் சதையும் நாரும் சர்க்கரை ஒரேயடியாகப் பாயாமல் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் உடலில் சேர்வதற்கு முன்பே தாகம் அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வாயும் தொண்டையும் 'தண்ணீர் வருகிறது' என்று மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து நுழையும். பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இப்படித்தான். வெறும் தண்ணீரை மடமடவென்று ஒரு லிட்டர் குடித்தால் வயிறு உப்பும். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும். பின்னால் வரும் கஞ்சியின் உப்பு, குடித்த தண்ணீரை உடலில் தங்க வைக்கிறது.

ஒரு வருடம் பசி தாங்காமல் பாங்கு சொன்னதுமே ரோஸ்மில்க்கும் நாலைந்து வடையும் உள்ளே தள்ளினேன். தொழுகையில் குனிய முடியவில்லை; நெஞ்சு கரித்தது. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு நகர நேரம் எடுக்கும், கூடச் சேர்ந்த மற்றதையும் தேக்கி வைக்கும். 'போதும்' என்ற உணர்வு வருவதற்குள் அளவு மீறிவிடும். பேரீச்சையும் தண்ணீரும் எடுத்துத் தொழுதுவிட்டு உட்கார்ந்தால், அந்தப் பத்து நிமிடத்தில் வெறி தணிந்திருக்கும். கஞ்சியைப் பொறுமையாகக் குடிக்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கணக்கு வேறு. தலா எட்டு கிராம் எடையுள்ள மூன்று பேரீச்சையில் சுமார் 16 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரிய மெஜூல் பழமென்றால் ஒன்றிலேயே அவ்வளவு. ஆகவே ரகம் பார்த்து எண்ண வேண்டும். பகலில் கை நடுங்கி வியர்த்தால் மாலைவரை காத்திருக்கக் கூடாது. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே இருந்தால் அப்போதே நோன்பை விட்டுவிட வேண்டும். 300-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். சர்க்கரை இறங்கிய அந்த நேரத்தில் பேரீச்சையைத் தேட வேண்டாம், அதன் நார் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.