கடையில் விட்ட மறுநாளே கப்பி சாகிறதா?

பெங்களூரில் வீட்டில் கப்பி போன்ற அலங்கார மீன் வளர்த்துக் கடைக்குக் கொடுப்பவர்கள் என்னைக் கூப்பிடும்போது பெரும்பாலும் ஒரே குறைதான் சொல்வார்கள். "சார், என் தொட்டியில் மூன்று மாசம் நல்லாத்தான் இருந்தது. கடையில் போட்ட மறுநாள் செத்துவிட்டதாம். கடைக்காரர் காசு தர மாட்டேன் என்கிறார்." கடைக்காரரைக் கேட்டால் அவர் நேர்மாறாகச் சொல்வார்: "நோய் மீனைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள்."

மீன்வளம் படித்துவிட்டுப் பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்தச் சண்டையில் பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. தப்பு தொட்டிக்கும் கடைக்கும் நடுவில், அந்த பிளாஸ்டிக் கவருக்குள் நடந்திருக்கும். போன டிசம்பரில் அல்சூரில் பார்த்த ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

அந்த அம்மா வேலூர் பக்கம். கல்யாணமாகி வந்து இருபது வருடமாக அல்சூரில் இருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே மூன்று தொட்டி, ஒவ்வொன்றும் ஐம்பது லிட்டர். கப்பி மட்டும்தான். ஆறு பெண் மீனில் தொடங்கியவர். கப்பி முட்டையிடாது, குஞ்சாகவே போடும். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு வளர்ந்த பெண் மீன் இருபது முப்பது குஞ்சு. தாயே குஞ்சைத் தின்னும் என்பதால் பாசியும் மிதக்கும் செடியும் அடர்த்தியாகப் போட்டு வைத்திருந்தார். மூன்று நாலு வாரத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுகிறார். அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மீன்கள் வால் விரித்துக்கொண்டு நன்றாகவே நீந்தின.

அவர் சிவாஜி நகரில் ஒரு கடைக்கு அறுபது மீன் கொடுத்திருந்தார். ஒன்றுக்குப் பத்து ரூபாய் பேச்சு. மறுநாள் காலை கடைக்காரர் போன் பண்ணி, இருபத்திரண்டு செத்துவிட்டது, மீதியும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றார்.

நான் முதலில் கேட்டது, எப்போது செத்தது என்பதைத்தான். எத்தனை செத்தது என்பது இரண்டாம் பட்சம். விட்ட சில மணி நேரத்திலிருந்து மறுநாளுக்குள், உடம்பில் புள்ளியோ வெள்ளைப் படலமோ இல்லாமல், செவுள் சிவந்து, மூச்சு வாங்கி மேலே வந்து செத்தால் அது பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு. மூன்றாம் நாள், நாலாம் நாள் தொடங்கி, வாயோரத்திலோ முதுகிலோ பஞ்சு போல வெள்ளை படர்ந்து, தினம் இரண்டு மூன்று என்று போனால் அது நோய். அதிலும் காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோயாக இருக்கலாம். பெரும்பாலும் பயணத்தில் அடிபட்டுச் சோர்ந்த மீனைத்தான் அது பிடிக்கும். உப்புத் தூள் தூவினது போலப் புள்ளி வந்தால் வெள்ளைப்புள்ளி நோய். கடைக்காரரிடம் செத்த மீனின் படத்தையும் நேரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால், யார் தப்பு என்ற சண்டை பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இந்த மீன்களில் புள்ளி இல்லை, படலம் இல்லை. ராத்திரியில் செத்தவை. அதனால் கவரைப் பற்றிக் கேட்டேன்.

"காலையில் அவருக்கு வேலைக்குப் போகணும் தம்பி, அதனால் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே கட்டிவிட்டோம். கொழுகொழுன்னு தெரியணும்னு சாயந்திரம் கொஞ்சம் அதிகமாகவே தீனி போட்டேன்." அறுபது மீனும் ஒரே பெரிய கவரில், ஒன்றரை லிட்டர் தண்ணீரில். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாததால் வீட்டுக்காரர் பலூன் ஊதுகிற மாதிரி வாயால் ஊதி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். கடைக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் பதினோரு மணி. கடைப் பையன் நல்ல பையன்தான். யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி கவரைத் திறந்து தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைத் தண்ணீரை ஊற்றிப் பழக்கப்படுத்தி, கடைசியில் கவர்த் தண்ணீரோடு சேர்த்து உள்ளே கவிழ்த்திருக்கிறான்.

இதில் ஒவ்வொருவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லாம் சேர்ந்து மீனைக் கொன்றது.

அடுத்த வாரம் அதே மாதிரி கவரைக் கட்டி, வீட்டிலேயே வைத்து மறுநாள் பதினோரு மணிக்குத் திறந்து பார்த்தேன். இந்தத் தடவை பன்னிரண்டு மீன்தான், அதற்கேற்பத் தண்ணீரையும் குறைத்து. வாயால் ஊதுவதையும் விடவில்லை. தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு தொட்டியில் 7.5; கவருக்குள் 6.6க்கு இறங்கியிருந்தது, அதாவது புளிப்பு கூடியிருந்தது. அமோனியா அளக்கும் கிட்டில் நிறம் லிட்டருக்கு நாலு மில்லிகிராமுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றது. தொட்டியில் அது பூஜ்யம்.

மீன் தின்றது செரிக்கும்போது செவுள் வழியாக அமோனியா வெளியேறும். தீனி போட்ட மீன் இன்னும் அதிகமாக விடும். தொட்டியில் ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியா அதைக் கெடுதல் குறைந்த பொருளாக மாற்றிவிடுகிறது. கவரில் அந்த வசதி கிடையாது. சரி, அப்படியானால் கவரிலேயே ஏன் சாகவில்லை? அதற்குக் காரணம் கரியமில வாயு. மீன் விடும் மூச்சும், வாயால் ஊதிய காற்றும் (நாம் வெளியே விடும் மூச்சில் நூற்றில் நாலு பங்கு கரியமில வாயு) சேர்ந்து தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக்கிவிடுகின்றன. பிஹெச் 7க்குக் கீழே இருக்கும்போது அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. மீதி அம்மோனியம் என்ற அவ்வளவு கெடுதல் இல்லாத வடிவத்தில் இருக்கும்.

கவரைத் திறந்ததும் கரியமில வாயு பறந்துவிடுகிறது. அதில் கடைத் தண்ணீரை ஊற்றுகிறோம். அந்தக் கடையில் போர்வெல் தண்ணீர். அளந்தபோது பிஹெச் 8.2. பிஹெச் 8 ஆகும்போது விஷ வடிவம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகிறது. அதாவது அதே தண்ணீரில் விஷம் பத்து மடங்காகிறது. பையன் "மெதுவாகப் பழக்கிய" அந்த ஒரு மணி நேரமும் மீன்கள் அதில்தான் கிடந்தன. அப்போதே சாகாவிட்டாலும் செவுள் வெந்துபோகும். அதனால்தான் ராத்திரியில் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

பிறகு அந்த அம்மாவிடம் முறையை மாற்றச் சொன்னேன். விற்கப்போகும் மீனை ஒரு நாள் முன்னாலேயே வேறு டப்பில் போட வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓட வேண்டும், தீனி கிடையாது. வளர்ந்த கப்பி ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. வயிறு காலியானால் கவரில் கழிவும் குறையும், அமோனியாவும் குறையும். வயிறு ஒட்டித் தெரியுமே என்று அவர் தயங்கினார். கடைக்காரர் வயிற்றைப் பார்ப்பதில்லை, வாலையும் நீச்சலையும்தான் பார்க்கிறார் என்றேன். குஞ்சுக்கும், வயிறு முட்டிய பெண் மீனுக்கும் இது பொருந்தாது. அவற்றை அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பவே வேண்டாம்.

கட்டுவது கிளம்புகிற நேரத்தில்தான். பதினைந்து மீனுக்கு ஒரு கவர், கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று. வாயால் ஊதக் கூடாது. கவரின் வாயை விரித்துக் காற்றில் ஒரு வீசு வீசி, சட்டென்று முறுக்கினால் போதும். அடி மூலைகளை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சின்ன மீன் அந்த மூலையில் மாட்டி நசுங்கும். அப்புறம் இன்னொரு கவருக்குள் போட்டு, ஒரு தெர்மாக்கோல் பெட்டி. டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் ராத்திரி பதினைந்து டிகிரிக்குப் போகும். அல்சூரிலிருந்து பைக்கில் காலையில் கொண்டுபோனால் கவர்த் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும். கப்பிக்கு இருபத்து நாலிலிருந்து இருபத்தேழு டிகிரிதான் சுகம்.

கடைப் பையனுக்குச் சொன்னது இரண்டே விஷயம். கவரை மூடியபடியே கால் மணி நேரம் மிதக்கவிடு. திறந்ததும் வலையில் பிடித்து மீனை மட்டும் உள்ளே விடு, கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடு. அவன் முதலில் நம்பவில்லை. இந்த ஊரில் தொட்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் திறந்த கவரில் ஒரு மணி நேரம் பழக்குவதுதான் முறை என்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் கட்டிய மீனென்றால் அதில் பெரிய கெடுதல் இல்லை. இரவெல்லாம் கட்டி வைத்த கவரில்தான் அது ஆபத்து.

இன்னும் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. அல்சூர் வீட்டில் காவிரித் தண்ணீர், மென்மையானது. கடையில் போர்வெல், சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீர். கப்பி கடினத் தண்ணீரை விரும்பும் மீன்தான், அதனால் இந்தத் திசையில் போவது அவ்வளவு மோசமில்லை. மாறாக, போர்வெல் வீட்டிலிருந்து காவிரித் தண்ணீர்க் கடைக்குப் போகிற மீன்களைத்தான் அதிகம் அடிபட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கமானாலும் கடையிலிருந்து ஒரு கேன் தண்ணீர் வாங்கி வந்து, கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் தினம் கொஞ்சம் டப்பில் மாற்றினால், பழக்கப்படுத்தும் வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். காவிரித் தண்ணீரை நேராகக் குழாயிலிருந்து ஊற்றாதீர்கள், குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்றுக் கல் போட்டு வைக்க வேண்டும்.

ஜனவரியில் அதே கடைக்கு நாற்பத்தைந்து ஆண் மீன், மூன்று கவர். பெண் மீன்களைக் கடைக்காரர் கேட்கவில்லை. வண்ணமில்லாத மீனை யார் வாங்குவார்கள்? பிறக்கிற குஞ்சில் ஏறக்குறைய பாதி பெண்ணாக இருக்கும் என்பதால், வருமானக் கணக்கைப் பாதி மீனில்தான் போட வேண்டும். மீதமாகும் பெண் மீனைப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அல்சூர் ஏரியில் விடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். கப்பி எந்த அழுக்குத் தண்ணீரிலும் பெருகும், ஏரியிலுள்ள நம் சின்ன மீன்களின் இடத்தைப் பிடிக்கும். பெரிய மீன் வளர்ப்பவர்கள் தீனிக்கு வாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்குக் கொடுங்கள் என்றேன். முகம் சுளித்தார், ஆனால் கொடுத்தார்.

நாற்பத்தைந்தில் முதல் வாரத்தில் செத்தது இரண்டு. பணம் விஷயத்தில் இப்போது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு: விட்ட ஐந்தாம் நாள் உயிரோடு இருப்பதற்குத்தான் காசு. முதலில் அந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. இப்போது அவரே கடைத் தொட்டியின் கண்ணாடியில் மார்க்கரால் தேதி எழுதிவிட்டு வருகிறார். அந்தத் தொட்டியில் வேறு ஊர் மீனைக் கலக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனை. சென்னை கொளத்தூரிலிருந்து வரும் மீனைக் கடைக்காரர் இப்போது பக்கத்துத் தொட்டியில் விடுகிறார்.