பகுதியாண்டு வதிவாளர்: ஒரு சொல் விளக்கம்

கனடாவுக்குப் புதிதாகப் போனவர்களுக்கென்று தமிழில் தந்த ஒரு வருமான வரி வழிகாட்டித் தாளை அக்கா மகன் எனக்கு அனுப்பியிருந்தான். 'பார்ட் இயர் ரெசிடெண்ட்' என்ற சொல்லுக்கு அதில் 'பகுதிநேரக் குடியிருப்பாளர்' என்று இருந்தது. இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது நான்காவது முறை. முதல் மூன்று முறை சும்மா இருந்துவிட்டேன். இந்த முறை அந்தச் சொல்லால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கே பணம் போயிருக்கிறது.

முதலில் வேர். ரெசிடெண்ட் என்பது லத்தீன் மொழியில் 'உட்கார்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. நம் 'இரு' என்ற வினையும் அப்படித்தான், உட்காருவதையும் தங்குவதையும் ஒன்றாகச் சொல்லும். 'குடியிரு' அதிலிருந்து வந்தது. 'வதி' என்றாலும் தங்கு என்றே பொருள். பழம்பாடல்களில் பறவைகள் மரத்தில் வதியும். இலங்கைத் தமிழர்கள் 'வதிவிடம்', 'வதிவாளர்' என்ற சொற்களை இன்றும் அன்றாடம் புழங்குகிறார்கள். வேரைப் பற்றி இவ்வளவு போதும். சிக்கல் முன்னால் நிற்கும் 'பகுதிநேர' என்பதில்தான் இருக்கிறது.

பகுதிநேரம் என்றால் நம் காதில் என்ன விழுகிறது? பகுதிநேர வேலை, பகுதிநேர ஆசிரியர். ஒரு நாளில் சில மணி நேரம் இங்கே, மீதி நேரம் வேறெங்கோ. ஆகவே பகுதிநேரக் குடியிருப்பாளர் என்றால் கொஞ்ச நாள் டொரோண்டோ, கொஞ்ச நாள் கீழக்கரை என்று வந்துபோகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அக்கா மகனும் அப்படித்தான் நினைத்தான். "மாமா, நான் வந்ததிலிருந்து ஒருநாள்கூட ஊருக்கு வரலையே, முழுநேரமா இங்கேதானே இருக்கேன்? அதனால அந்தப் பத்தி எனக்கு இல்லைன்னு விட்டுட்டேன்" என்றான். அந்தச் சொல்லை நம்பினால் அவன் முடிவில் தவறே இல்லை.

உண்மையில் அந்தப் பத்தி முழுக்க அவனைப் பற்றியதுதான். கனடாவில் வரியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த ஆண்டுக்குள் ஏதோ ஒரு தேதியில் அங்கே வீடு, குடும்பம் என்று வேர் ஊன்றியவருக்கு ஆண்டு இரண்டாக வெட்டுப்படுகிறது. அந்தத் தேதிக்கு முன் இந்தியாவில் சம்பாதித்ததற்குக் கனடாவில் வரி இல்லை. அந்தத் தேதியிலிருந்து உலகில் எங்கே வருமானம் வந்தாலும், ராமநாதபுரத்து வங்கியில் ஏறும் வட்டி உட்பட, அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெட்டு ஒன்று, தேதி ஒன்று. போவதும் வருவதும் இதில் இல்லை.

அவன் கணக்கையே பார்ப்போம். 2024 ஆகஸ்ட் 1 அன்று போய்ச் சேர்ந்தான். ஐந்து மாதத்தில் 18,000 டாலர் சம்பளம். அதற்கு முன் ஏழு மாதம் மதுரையில் வேலை. கனடாவில் எல்லோருக்கும் வரி போடாமல் விடும் அடிப்படைக் கழிவுத் தொகை ஒன்று உண்டு, 2024இல் மத்திய அரசின் கணக்கில் அது அதிகபட்சம் 15,705 டாலர். அவனைப் போல நடுவில் வந்தவருக்கு அது நாள் கணக்கில் குறையும். ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை 153 நாள், அது லீப் ஆண்டு என்பதால் 366இல் 153 பங்கு. கிடைப்பது 6,565 டாலர். இவனோ வரிப் படிவத்தில் வந்து சேர்ந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டான். படிவம் அவனை ஆண்டு முழுக்க அங்கே இருந்தவனாக எடுத்துக்கொண்டு முழு 15,705ஐயும் கொடுத்துவிட்டது. அதிகமாக எடுத்தது 9,140 டாலர். அந்த ஆண்டின் அடிமட்ட விகிதம் 15 சதவீதம், ஆக மத்திய வரியில் மட்டும் 1,371 டாலர் குறைவு. மாகாண வரி தனி. பிடித்த வரி திரும்பி வந்ததும் அவனுக்கு மகிழ்ச்சிதான். சில மாதம் கழித்து மறுமதிப்பீட்டு அறிவிப்பு வந்தது, வட்டியோடு. இந்தத் தவறில் முதலில் பணம் கூடுதலாகக் கைக்கு வருவதால், தவறு என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

அவன் மனைவிக்கு முழுத்தொகையும் சரியாகவே கிடைத்தது. போவதற்கு முந்தைய ஏழு மாதத்தில் இந்தியாவிலும் கனடாவிலும் அவளுக்கு எந்த வருமானமும் இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கழிவைக் குறைப்பதில்லை. சேமிப்புக் கணக்கு வட்டி கொஞ்சம் வந்திருந்தால்கூட அந்தச் சலுகை போயிருக்கும். இதனால்தான் முந்தைய மாதங்களின் வருமானத்துக்கு வரி இல்லாவிட்டாலும் அதன் விவரத்தை எடுத்து வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவித்தொகையைக் கணக்கிடவும் அதைக் கேட்பார்கள்.

சரி, 'பகுதிநேரம்' வேண்டாம் என்றால் 'அரையாண்டு வசிப்பாளர்' என்கிறார் நண்பர் ஒருவர். அது இன்னும் ஆபத்து. அரையாண்டு என்றால் ஆறு மாதம். பிப்ரவரியில் போனவரும் நவம்பரில் போனவரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். போதாக்குறைக்கு, கனடாவில் தற்காலிகமாக 183 நாள் அல்லது அதற்கு மேல் தங்குபவரைப் பற்றி வேறொரு விதி இருக்கிறது. அரையாண்டு என்று எழுதினால் படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்.

'குடியிருப்பாளர்' மேலும் எனக்கு மனக்குறை உண்டு. எங்கள் பக்கம் "எங்கே குடியிருக்கீங்க?" என்றால் வாடகைக்கு எங்கே இருக்கிறீர்கள் என்றே பொருள். அப்புறம் 'குடி' என்றதும் குடியுரிமை நினைவுக்கு வருகிறது. நிரந்தர அனுமதி கைக்கு வரவில்லை, ஆகவே நான் குடியிருப்பாளர் இல்லை, வரியும் இல்லை என்று சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். வரிக்கான வதிவு வேறு, குடியுரிமை வேறு. வேலை அனுமதியில் போனவரும் வரிக்கு வதிவாளர் ஆகலாம். 'வதிவாளர்' என்ற சொல்லில் இந்தக் குழப்பம் ஒட்டவில்லை. அது இலங்கைச் சொல், நம் ஊருக்குப் புரியாது என்பார்கள். தொண்டியிலும் பாம்பனிலும் நின்று கடலைப் பார்க்கிற நமக்கு அந்தக் கரையின் தமிழ் அந்நியமா?

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போனவரை எங்கள் ஊரில் சபுராளி என்பார்கள். துபாயிலும் சவூதியிலும் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, ஆகவே எத்தனை ஆண்டு இருந்தாலும் அவருக்கு இப்படியொரு சொல் தேவைப்படவில்லை. இந்தியச் சட்டத்திலும் ஆண்டை வெட்டுவது இல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு ஆண்டுக்கும் ஒருவர் வதிவாளர், அல்லது இல்லை. அக்கா மகன் அந்த ஏப்ரலிலிருந்து 122 நாள்தான் இந்தியாவில் இருந்தான். வேலைக்காக வெளிநாடு போகும் குடிமகனுக்கு வரம்பு 182 நாள் என்பதால், இந்தியக் கணக்கில் அவன் அந்த ஆண்டு முழுக்க வதிவாளர் அல்லாதவன். இந்தியாவில் இல்லாத கருத்து என்பதால் அதை மொழிபெயர்ப்பவர் கூடுதல் கவனத்தோடு இருந்திருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் முதல் பாதியைப் பார்த்ததும் பழகிய 'பகுதிநேரம்' கைக்கு வந்திருக்கிறது. ஆண்டு என்று மூலத்தில் தெளிவாக இருப்பதை நேரம் என்று மாற்றினால், படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்பதே மாறிப்போகும். படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்க்காமல் வரிச் சொற்களை யாரும் தமிழாக்கக் கூடாது.

ஆகவே என் சொல் 'பகுதியாண்டு வதிவாளர்'. முதல்முறை வரும் இடத்தில் 'ஆண்டின் நடுவே வதியத் தொடங்கியவர் அல்லது வதிவை முடித்தவர்' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். வதிவை முடித்தவரையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடுவில் கனடாவை விட்டு ஊருக்கே திரும்புகிறவருக்கும் இதே சொல்தான். அவர் புறப்பட்ட தேதிக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.