ஊருக்குக் கிளம்பாத மகனிடமிருந்து வந்த கடிதம்

பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நாடகம் பழக்கிக் கொடுப்பது என் வேலை. பிரதியைக் கையில் வாங்கியதும் பிள்ளைகள் முதலில் செய்வது, தங்கள் வசனத்துக்கு மட்டும் மஞ்சள் மை பூசுவது. அப்புறம் அதை மட்டுமே மனப்பாடம் செய்வார்கள். வீட்டில் அம்மாவிடம் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளை மேடையில் விழிப்பது இதனால்தான். தான் என்ன பேச வேண்டும் என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது.

அந்த 'எப்போது' என்பதைத்தான் கியூ என்கிறோம். பெரும்பாலும் அது அடுத்தவர் பேசும் கடைசி நாலைந்து சொற்கள். மஞ்சள் மை முதலில் அங்கேதான் விழ வேண்டும்.

ஒரு பள்ளியில் நடந்தது. 20 நிமிட நாடகம். மகன் வெளியூருக்கு வேலைக்குப் போகிறான், பிறகு அவனிடமிருந்து கடிதம் வருகிறது. மூன்றாம் காட்சி பிரதியில் இப்படி இருந்தது:

பாட்டி: தபால் வந்தா எனக்குச் சொல்லுடா.
(சைக்கிள் மணி ஓசை. குமார் வாசலைப் பார்க்கிறான்.)
குமார்: இதோ வந்துட்டாங்க பாட்டி!
(தபால்காரர் வலப்புறமிருந்து நுழைகிறார்.)

தபால்காரராக நடித்த பையனுக்குக் கியூ, 'இதோ வந்துட்டாங்க பாட்டி'. அதை அவன் சரியாகத்தான் படித்திருந்தான். ஆனால் முதல் காட்சியில், மகனை வழியனுப்ப அக்கம்பக்கத்தார் வரும்போதும் குமார் இதே வரியைச் சொல்கிறான். விழா அன்று பையன் முதல் காட்சியிலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கடிதத்தை நீட்டிவிட்டான். அதை எழுதிய மகன் அப்போது பெட்டியும் கையுமாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்!

தவறு என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு நுழைவுக் கியூவையும் பிரதி முழுக்கத் தேடிப் பார்க்கிறேன். இரண்டு இடத்தில் வந்தால் ஒன்றில் சொல்லை மாற்றிவிடுவேன். 'தபால்காரர் வந்துட்டார் பாட்டி' என்றிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. கூடவே, கியூவுக்கு மூன்று வரி மேலே ஓரத்தில் பென்சிலால் 'தயார்' என்று எழுதச் சொல்கிறேன். அங்கே வரும்போது பிள்ளை பக்கத்திரை ஓரத்தில் நின்றிருக்க வேண்டும். கியூவைக் கேட்ட பிறகு பையைத் தேடினால் மேடையில் நிற்பவர்கள் பேச ஒன்றுமில்லாமல் தவிப்பார்கள்.

அதே நாலு வரியில் அடைப்புக்குறிகளையும் பாருங்கள். அவற்றைக் கதை வருணனைபோல வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். (சில குட்டிகள் 'சிரித்துக்கொண்டே' என்பதையும் வசனத்தோடு சேர்த்து ஒப்பிப்பார்கள், அது வேறு கதை.) ஒவ்வொரு அடைப்புக்குறியிலும் 'இதை யார் செய்வது?' என்று கேட்க வேண்டும். வாசலைப் பார்ப்பது குமார். நுழைவது தபால்காரர். மணி அடிப்பது? பிரதியில் பெயர் இல்லை. ஆனால் மணி ஒலித்தால்தான் குமார் பார்ப்பான், குமார் சொன்னால்தான் தபால்காரர் வருவார். மணிக்காரனின் கியூ பாட்டியின் 'சொல்லுடா'. அவன் தூங்கினால் காட்சி அங்கேயே நின்றுவிடும்.

'வலப்புறம்' என்பது யாருடைய வலம்? வழக்கப்படி, பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலம். ஒத்திகையில் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து தன் வலக்கையை நீட்டினால் எல்லாம் தலைகீழ். நான் பிரதியிலேயே வலம், இடம் இரண்டையும் அடித்துவிட்டு 'ஆபீஸ் ரூம் பக்கம்', 'வேப்பமரப் பக்கம்' என்று எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது குழம்பாது.

கடைசியாகப் பாத்திரப் பட்டியல். யாருக்கு எந்த வேடம் என்று பிரிப்பதற்கு மட்டும் அதைப் பார்க்கிறோம். அதை ஒரு கட்டமாகப் போட்டுப் பாருங்கள்: கீழ்நோக்கிப் பெயர்கள், குறுக்கே காட்சிகள், வரும் இடத்தில் ஒரு புள்ளி. பட்டியலின் கடைசியில் 'அக்கம்பக்கத்தார் மூவர்' என்று ஒரே வரியாக இருப்பவர்களுக்கும் மூன்று தனி வரி கொடுங்கள். ஆள் போதாமல் ஒரே பிள்ளைக்கு இரண்டு வேடம் கொடுத்தால், இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே குறைந்தது ஒரு வெற்றுக் கட்டமாவது வேண்டும். அந்த இடைவெளிக் காட்சியைக் கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசியுங்கள். மீசை ஒட்டிச் சட்டை மாற்றுவதையும் தனியாக நேரம் பாருங்கள். இரண்டாவது நீண்டால், அந்த வேடம் வேறு பிள்ளைக்கு.

என் கட்டத்தில் இப்போதெல்லாம் கடைசி வரி, மணி அடிக்கும் பையனின் பெயர்.