சிவப்பு ஏறாத ஸ்லைட்

காசநோய்க் கிருமியை நுணுக்குக்காட்டியில் பார்க்க முடிவதும் முடியாமல் போவதும் ஒரு சூட்டில் தங்கியிருக்கிறது. இதை நான் திருகோணமலையில் ஒரு ஆய்வுகூடத்தில், புழுக்கமான ஒரு பகலில் நன்றாகப் படித்துக்கொண்டேன்.

அன்று வந்த சளி மாதிரிகளில் ஒன்று கிண்ணியாப் பக்கத்து மீனவர் ஒருவருடையது. "மூண்டு கிழமையா இருமல் மிஸ், வேலைக்குப் போகேலாம இருக்கு" என்றார். அந்த இடத்திலேயே இருமித் தந்தார். பாதி எச்சில், நடுவே சிறிதளவு மஞ்சள் சளி. அந்த மஞ்சள் பகுதியை எடுத்து ஸ்லைட்டில் தேய்த்தேன். இரண்டு சென்டிமீற்றருக்கு மூன்று சென்டிமீற்றர். காய்ந்த பிறகு கீழே பத்திரிகையைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லியதாக.

இந்தக் கிருமியின் கலச்சுவர் மற்றப் பற்றீரியாக்களுடையதைப் போல இல்லை. அதில் மைக்கோலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பு நிறைந்திருக்கிறது. மெழுகு பூசியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திக் துணியில் மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது, இல்லையா? இங்கேயும் அதே சிக்கல்தான், சாதாரணச் சாயம் உள்ளே போகாது. அதனால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தோடு கொழுப்பில் கரையும் பினோலைக் கலந்து, ஸ்லைட் முழுவதும் ஊற்றி, கீழிருந்து சூடாக்குகிறோம். சூட்டில் மெழுகு இளகும், பினோல் வழிவிடும், சாயம் உள்ளே போய்விடும். ஆறியதும் மெழுகு மறுபடி இறுகிவிடும்.

அதன் பிறகுதான் அமிலத்தின் வேலை. ஐதரோகுளோரிக் அமிலம் கலந்த அல்ககோலை மூன்று நிமிடம் விட்டுக் கழுவினால், வாயிலிருந்து வந்த மற்றப் பற்றீரியாக்களும் சளியின் கலங்களும் சிவப்பை விட்டுவிடும். மெழுகுக்குள் அகப்பட்ட சாயம் மட்டும் வெளியே வராது. கடைசியில் ஒரு நிமிடம் மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்கள், சில சற்று வளைந்தும் இருக்கும். 1882இல் கோக் இந்தக் கிருமியைக் காட்டியபோது பயன்படுத்திய முறையை அதே ஆண்டிலேயே ஏர்லிக் திருத்தினார். பிறகு சீல், நீல்சன் இருவரும் மாற்றி அமைத்ததைத்தான் இன்றும் செய்கிறோம்.

சரி, அன்று என்ன நடந்தது? புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டிருந்தேன். ஸ்பிரிட் விளக்கின் சுடர் ஆடிக்கொண்டே இருந்தது. சாயத்திலிருந்து ஆவி எழும்ப வேண்டும், ஆனால் கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை அப்படிச் சூடாக்க வேண்டும். ஒருமுறை ஆவி போனது போலத் தெரிந்தது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

கிருமி இருப்பது உறுதியான கண்ட்ரோல் ஸ்லைட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவசரத்தில் மீனவரின் ஸ்லைட்டைப் பார்த்தேன். நுணுக்குக்காட்டியில் ஒரே பார்வையில் தெரியும் வட்டத்தைப் புலம் என்போம். நூறு புலங்களிலும் ஒன்றும் இல்லை. 'நெகட்டிவ்' என்று எழுதி வைத்துவிட்டு அப்புறம் கண்ட்ரோலை எடுத்தேன். சிவப்புக் கோல்கள் நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய இளஞ்சிவப்புக் கீறல்கள் நாலைந்துதான். சூடு போதவில்லை, சாயம் மெழுகைக் கடக்கவே இல்லை. எழுதியதை வெட்டிவிட்டு, மீதிச் சளியில் புது ஸ்மியர் போட்டு, விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன்.

இம்முறை கண்ட்ரோல் சரியாக வந்தது. மீனவரின் ஸ்லைட்டில் நூறு புலங்களில் ஆறு கோல்கள். நூறு புலங்களில் ஒன்று முதல் ஒன்பது வரை கண்டால் எண்ணிக்கையையே எழுதுவோம். பத்து முதல் தொண்ணூற்றொன்பது வரை கண்டால்தான் '1+' என்று தரம் போடுவோம்.

ஆறு என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்மியரில் பரவுவது சுமார் 0.01 மில்லிலீற்றர் சளி. அந்தப் பரப்பில் ஏறக்குறைய 10,000 புலங்கள் உண்டு. ஒரு மில்லிலீற்றரில் 10,000 கிருமி இருந்தால் ஸ்லைட்டில் 100தான், அதாவது நூறு புலங்களுக்கு ஒன்று. அதனால் ஆறு கண்டால் மில்லிலீற்றருக்கு 60,000 அளவில். அதைவிட மிகக் குறைந்தால் சாயம் சரியாக ஏறினாலும் நம் கண்ணில் படாது. ஸ்மியர் நெகட்டிவ் என்பதாலேயே காசநோய் இல்லை என்று வைத்தியர்கள் முடிவுகட்டாததற்குக் காரணம் இதுதான். அதுபோல, செத்த கிருமியும் சிவப்பாகவே தெரியும். மருந்துக்கு அடங்கும் கிருமியா இல்லையா என்பதும் இந்தச் சாயத்துக்குத் தெரியாது.

அன்று அவரிடம், "ஐயா, நாளைக் காலையில எழும்பினவுடன், பல் துலக்க முதல், வாயைத் தண்ணியால கொப்பளிச்சுப்போட்டு நெஞ்சுக்குள்ளயிருந்து இருமித் தாங்கோ" என்று சொல்லி இன்னொரு டப்பா கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்தது கெட்டியான மஞ்சள் சளி. நூறு புலங்களில் முப்பத்தெட்டு. அதற்கு '1+' என்று எழுதினேன்.