ஒரே மதிப்பு நிறைந்த பட்டியலில் குவிக்சார்ட் ஏன் திணறுகிறது?

பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் குழுவின் இளம் பொறியாளர் ஒருவர் எழுதிய குவிக்சார்ட், சோதனையில் ஒரு லட்சம் தற்செயல் எண்களை நொடிக்குள் வரிசைப்படுத்தியது. அதே அளவுள்ள ஆர்டர் பட்டியலை ‘நிலை’ என்ற நெடுவரிசைப்படி அடுக்கச் சொன்னபோது திணறியது. அந்த நெடுவரிசையில் 1 முதல் 4 வரை நான்கே மதிப்புகள். பைவட் தேர்வுதான் காரணம் என்று எண்ணி அவர் அதைத் தற்செயலாக எடுக்கும்படி மாற்றினார். பலரும் முதலில் செய்வது இதைத்தான், ஆனால் இங்கே அது உதவவில்லை.

அவர் கையாண்டது பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் லொமுட்டோ முறை. அதில் பைவட்டுக்குச் சமமானவையும் சிறியவற்றோடு இடப்பக்கமே ஒதுக்கப்படுகின்றன. எல்லா உறுப்புகளும் சமமாக இருந்தால், எதைப் பைவட்டாக எடுத்தாலும் மற்ற அனைத்தும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் ஓர் உறுப்பளவே குறைகிறது. ஒரு லட்சம் உறுப்புகளுக்கு n(n-1)/2 என்பது ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். நான்கு மதிப்புகள் சமமாகப் பரவியிருந்தாலும், சமமான ஒவ்வோர் இணையும் ஒருமுறை ஒப்பிடப்பட்டே தீர வேண்டும் என்பதால், குறைந்தது 125 கோடி ஒப்பீடுகள் ஆகும்.

டைக்ஸ்ட்ராவின் டச்சுக் கொடிச் சிக்கலிலிருந்து வந்த மும்முனைப் பிரிப்பு, சமமானவற்றை நடுவில் ஒதுக்கிவிட்டு, சிறியவற்றையும் பெரியவற்றையும் மட்டுமே அடுத்த சுற்றுக்கு அனுப்புகிறது:

```python
p = a[random.randint(lo, hi)]
lt, i, gt = lo, lo, hi
while i <= gt:
    if a[i] < p:
        a[lt], a[i] = a[i], a[lt]
        lt += 1; i += 1
    elif a[i] > p:
        a[i], a[gt] = a[gt], a[i]
        gt -= 1
    else:
        i += 1
```

இதன் பிறகு `lo..lt-1`, `gt+1..hi` ஆகிய இரு பகுதிகளுக்கு மட்டும் மறுஅழைப்பு போதும். `2 1 2 3 2 1` என்ற பட்டியலில் பைவட் 2 என்று கொண்டால், நான்காம் இடத்திலுள்ள 3 கடைசியிலுள்ள 1உடன் இடம் மாறுகிறது. அப்படி வந்த 1 இன்னும் சோதிக்கப்படாதது. அதனால்தான் அந்தக் கிளையில் `i` நகர்வதில்லை. அடுத்த அடியில் அது இடப்பக்கம் போய், முடிவில் `1 1 2 2 2 3` என்று அமைகிறது. அங்கே வழக்கம்போல் `i += 1` சேர்த்துவிடுவதை மதிப்பாய்வில் அடிக்கடி காண்கிறேன். சேர்த்தால் 1 நடுவிலேயே சிக்கி, விடை தவறாகும்.

நான்கு மதிப்புகளில் ஒவ்வொரு பிரிப்பும் ஒரு மதிப்பை முழுதாகத் தீர்த்துவிடுவதால், எந்த உறுப்பும் நான்கு பிரிப்புகளுக்கு மேல் பங்கேற்காது; உறுப்புக்கு இரண்டு ஒப்பீடு என்று வைத்தாலும் மொத்தம் 8 லட்சத்தைத் தாண்டாது. மறுஅழைப்பின் ஆழமும் நான்குக்குள் அடங்கிவிடும்.

மாறாக, மதிப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால் இம்முறையால் ஆதாயமில்லை, கூடுதல் ஒப்பீடே மிஞ்சும். முதல் உறுப்பையே பைவட்டாக எடுத்தால், ஏற்கெனவே வரிசையாக உள்ள பட்டியலில் வேகம் மறுபடியும் இருபடியாகச் சரியும். தற்செயல் தேர்வு தேவைப்படுவது அங்கேதான். தேதிவாரியாக இருந்த ஆர்டர்கள் நிலைவாரியாக அடுக்கியபின் ஒவ்வொரு நிலைக்குள்ளும் தேதி வரிசையிலேயே இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. அது வேண்டுமானால், நிலை சமமாகும்போது தேதியை ஒப்பிடும்படி எழுத வேண்டும்.