"விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று பிரீஃப் எழுதாதீர்கள்

விளம்பர வாசகம் எழுதுவது என் தொழில். சாலைப் பாதுகாப்புக்கான பொதுநல விளம்பரம் வேண்டும் என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பிரீஃப்கள், அதாவது வாடிக்கையாளர் எழுதித் தரும் பணிக் குறிப்புகள், என் மேசைக்கு வந்துவிட்டன. அனுப்பியவர்கள் வெவ்வேறு அமைப்பினர் என்றாலும், மூன்றிலும் இருந்தவை ஏறத்தாழ ஒரே வரிகள்: "நோக்கம்: சாலைப் பாதுகாப்பு குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துதல். இலக்கு: பொதுமக்கள் அனைவரும். தொனி: பார்ப்பவர் மனதை உலுக்க வேண்டும்." இந்த வரிகளை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளரும் "உயிர் விலைமதிப்பற்றது" என்பதைத் தாண்டி எதையும் எழுத முடியாது. அந்த வாசகத்தின் கீழே ஒரு மருத்துவமனையின் பெயரையோ காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையோ போட்டாலும் அது அப்படியே பொருந்தும் என்பதே, அது சாலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதற்குச் சான்று.

என்னை மிகவும் வருத்துவது அந்த மூன்றாவது வரிதான். இரத்தத்தைக் காட்டுங்கள், நொறுங்கிய வண்டியைக் காட்டுங்கள், அழும் குழந்தையைக் காட்டுங்கள், பயந்தால்தான் மக்கள் திருந்துவார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொல்கிறார். சாலையில் உயிர் போகும் என்பதை அறியாதவர் யாரும் இல்லை. அச்சத்தைத் தூண்டும் செய்திகளை ஆராய்ந்த கிம் விட்டி 1992 இல் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி, அத்தகைய செய்தியைப் பார்ப்பவர் தமக்குள் இரண்டு கேள்விகளை எடைபோடுகிறார் என்கிறது. இந்த ஆபத்து எனக்கும் வருமா என்பது முதலாவது. வந்தால் அதைத் தடுக்க என்னால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மட்டும் உரக்கப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், அவர் ஆபத்தைக் குறைக்க முயல்வதில்லை. தம் பயத்தைக் குறைத்துக்கொள்ளவே முயல்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அல்லது "அவன் குடித்திருப்பான், எனக்கு அப்படி ஆகாது" என்று தமக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். அரங்கில் எல்லோரும் கண்கலங்கினார்கள் என்பதை வெற்றியாக எண்ணும் வாடிக்கையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் வண்டியை எடுக்கும்போது முன்பு செய்யாத எதைச் செய்தார்?

அந்த "எதை" என்பதுதான் பிரீஃபின் முதல் வரியாக இருக்க வேண்டும். சொல்லிக்காட்டுவதற்காக, அந்த மூன்றில் ஒன்றை நாங்கள் எப்படித் திருத்தி எழுதினோம் என்பதை இங்கே விவரிக்கிறேன்.

முதலில், சாலைப் பாதுகாப்பு என்ற பரந்த சொல்லை ஒரே ஒரு செயலாகச் சுருக்கினோம்: ஹெல்மெட்டைத் தலையில் வைத்துவிட்டு, தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டாமல் ஓட்டுவது. பூட்டாத ஹெல்மெட் விழும்போதே கழன்றுவிடும். அதன்பின் தரையில் மோதுவது வெறும் தலை. ஆனால் தொலைவிலிருந்து பார்க்கும் காவலருக்கு ஹெல்மெட் தெரியும், பட்டை தெரியாது. ஓட்டுபவரும் தாம் ஹெல்மெட் அணிபவர் என்றே உண்மையாக நம்புகிறார். ஆகவே "ஹெல்மெட் அணியுங்கள்" என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், அது பக்கத்தில் இருப்பவருக்கான அறிவுரை என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்து, அவர் ஏன் பூட்டுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள, ஒரு வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் இரண்டு மாலைகள் நின்று பார்த்தோம். அலட்சியம், வெயில், குறைந்த தூரம் என்று அறையில் உட்கார்ந்து நாங்கள் எழுதி வைத்திருந்த காரணங்களைவிட எளிமையான ஒன்று அங்கே கண்ணில் பட்டது. பலர் முதலில் வண்டியைக் கிளப்பினார்கள், அதன்பிறகுதான் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார்கள். எஞ்சின் ஓடுகிறது, பின்னால் இன்னொரு வண்டி காத்து நிற்கிறது, இரண்டு கைகளும் கைப்பிடிக்குத் திரும்பிவிடுகின்றன. பட்டையைப் பூட்ட இரண்டு கைகளும் வேண்டும். வரிசை மாறியிருப்பதுதான் சிக்கல். ஒரு பிரீஃபில் இப்படிப்பட்ட ஒற்றை வரி கிடைத்துவிட்டால் வாசகம் பாதி எழுதப்பட்டதற்குச் சமம்.

திருத்திய பிரீஃப் இவ்வளவுதான்: "அன்றாடம் இருசக்கர வண்டியில் வேலைக்குச் சென்று வருபவர், ஹெல்மெட் வைத்திருப்பவர், அணிபவர். அவர் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே பட்டையைப் பூட்டிவிட வேண்டும். பூட்டு விழும் ஓசையே அவருக்கு நினைவூட்டல். தொனி: உடன் வருபவரின் அக்கறை, மிரட்டல் கூடாது."

இதிலிருந்து பிறந்த வாசகங்களில் இரண்டு இறுதிவரை வந்தன. "பட்டை பூட்டாத ஹெல்மெட், தொப்பி" என்பது கூட்டத்தில் கைதட்டல் பெற்றது. ஆயினும் அது குற்றம் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது, எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தது இது: "சத்தம் கேட்டபின் சாவியைத் திருப்பு." மோனை இருப்பதால் நாவில் நிற்கிறது, அதைவிட முக்கியமாக, மாறிப்போன வரிசையை அது நான்கே சொற்களில் சரிசெய்கிறது. கார் கதவு மூடும் ஓசையையும் சீட் பெல்ட் பூட்டும் ஓசையையும் இணைத்து, பிரிட்டனில் 1970களில் "கிளங்க் கிளிக் எவ்ரி ட்ரிப்" என்ற வாசகம் புகழ்பெற்றது. ஓசையைப் பிடித்துக்கொண்டால் நினைவு தானே வரும் என்பதற்கு அது நல்ல முன்னோடி. ஆனால் அங்கும் முன்னிருக்கையில் பெல்ட் அணிவது 1983 இல் சட்டப்படி கட்டாயமானது என்பதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சட்டமும் கண்காணிப்பும் செய்ய வேண்டிய வேலையை வாசகத்தின் தலையில் ஏற்றாதீர்கள்.

இந்த வாசகத்துக்கு ஒரு குறையும் உண்டு. இரட்டை வளையத்தில் பட்டையைக் கோத்து இழுக்கும் வகை ஹெல்மெட்டுகளில் அழுத்திப் பூட்டும் ஓசை எழாது. நாங்கள் குறிவைத்தவர்களில் பெரும்பாலோரிடம் ஓசையெழும் பூட்டே இருந்ததை வாசலில் நின்றபோதே பார்த்திருந்ததால், தெரிந்தே அந்தக் குறையை ஏற்றுக்கொண்டோம். எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று வாசகத்தை நீர்த்துப்போகச் செய்யாதீர்கள் என்று இங்கே கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

வைக்கும் இடத்தையும் பிரீஃபிலேயே எழுதிவிடுங்கள். நெடுஞ்சாலைப் பலகை வேண்டாம். அங்கே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, பட்டையைப் பூட்டும் தருணம் கடந்துவிட்டது, படிப்பதற்காகக் கண்ணை விலக்குவதும் ஆபத்து. வண்டி நிறுத்துமிடத்தின் தூண், அடுக்குமாடி வீட்டின் வாசல், பெட்ரோல் பங்க் ஆகியவையே இதற்குரிய இடங்கள். "பத்தில் இத்தனை பேர் பட்டை பூட்டுவதில்லை" என்ற எண்ணை விளம்பரத்தில் போடவும் வேண்டாம். பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று நாமே அறிவித்தால், செய்யாமலிருப்பது இயல்பு என்ற அனுமதியாக அது மாறிவிடும்.

அந்த எண்ணைக் கணக்கெடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் வைக்கும் முன்பு, அதே வாசலில், அதே நேரத்தில் வெளியேறுபவர்களில் பூட்டியவர் எத்தனை, பூட்டாதவர் எத்தனை என்று எண்ணுங்கள்; வைத்தபின் சில வாரங்கள் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். விளம்பரம் வைக்காத இன்னொரு வாசலிலும் அதே நாட்களில் எண்ணினால்தான், மாற்றம் வாசகத்தால் வந்ததா, அந்த வாரத்துச் சோதனை நடவடிக்கையால் வந்ததா என்று பிரித்தறிய முடியும். எத்தனை பேர் காணொளியைப் பார்த்தார்கள் என்ற எண் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

படப்பிடிப்புக்குச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டு விழும் ஓசையின் மீது இசையை ஏற்றாதீர்கள், அந்த ஒரு நொடி அமைதியாக இருக்கட்டும். பின்னணியில் வண்டியோடு நிற்கும் துணை நடிகர்களின் தாடையையும் ஒருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். படத்தொகுப்பு முடியும் தறுவாயில், சட்டகத்தின் ஓரத்தில் ஒருவருடைய பட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, மிகவும் பிடித்த ஒரு ஷாட்டை நாங்கள் நீக்க வேண்டியதாயிற்று.