இன்டர்ன்ஷிப் முடிய பன்னிரண்டு நாள்

கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர் ஜூன் மாத நடுவில் வக்கீலான என்னைப் பார்க்க வந்தார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஜனவரி முதல் ஆறு மாத இன்டர்ன்ஷிப். அவருக்கு வேலை கற்றுத்தரும் மூத்த ஊழியரின் பாலியல் தொந்தரவுதான் பிரச்சினை. (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். இத்தகைய புகார்களின் அடையாளங்களை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது.) உட்கார்ந்ததும் அவர் கேட்டது இது: "நான் இன்டர்ன் தானே மேடம், அங்க வேலை பாக்குறவளே இல்லையே. முப்பதாம் தேதியோட முடிஞ்சிடும். அப்புறம் எப்படிப் புகார் குடுக்கிறது?"

இந்தக் கேள்வியிலேயே பலரும் நின்றுவிடுகிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் பயிற்சி பெறுபவர், தகுதிகாண் காலத்தில் இருப்பவர், ஒப்பந்தத்தில் வந்தவர், சம்பளமே வாங்காதவர் எல்லோரையும் சேர்த்திருக்கிறது. போதாததற்கு, புகார் தரும் பெண் அங்கே வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளும் புகார் தரலாம்.

ஆனால் காலக்கெடு உண்டு. சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தப் பெண்ணுக்குப் பிப்ரவரியில் இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப் செய்திகள் தொடங்கியிருக்கின்றன. முதலில் வேலை பற்றி, அப்புறம் உடை பற்றி. மார்ச் 14 அன்று டீம் டின்னரில் எல்லோர் முன்னாலும் ஆபாசமான ஒரு 'ஜோக்'. ஏப்ரல் 4 இரவு, அலுவலக கேபில் இடுப்பில் கை. ஆக, கணக்கு ஏப்ரல் 4-இலிருந்து. ஜூலை 4 வரை நேரம் இருந்தது. பிப்ரவரிச் செய்திகள் பழையவை என்று தனியே ஒதுக்க முடியாது, ஒரே தொடரின் பகுதி அவை. கேப் அலுவலகத்துக்கு வெளியே ஓடியது என்பதும் செல்லாது. நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடம்தான்.

அவர் ஏற்கெனவே ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: "என் மென்டர் சரியாக நடந்துகொள்வதில்லை. டீம் மாற்ற முடியுமா?" ஹெச்ஆரும் நல்ல மனதோடு, "இன்னும் கொஞ்ச நாள்தானே, பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மின்னஞ்சலை வாசிப்பவருக்கு இது பாலியல் புகார் என்றே தெரியாது. புகார் போக வேண்டிய இடம் ஹெச்ஆர் அல்ல, நம்மூரில் 'விசாகா கமிட்டி' என்று சொல்லும் உள்ளகப் புகார்க் குழு. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் இந்தக் குழுவைக் கண்டிப்பாக அமைக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர். குழுவின் விவரம் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். சின்ன ஸ்டார்ட்அப்பில் பத்துப் பேருக்கும் குறைவென்றாலோ, தப்பு செய்தவர் முதலாளியே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

நான் வேறு இரண்டு நிறுவனங்களின் குழுக்களில் அந்த வெளி உறுப்பினர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் சொல்கிறேன்: "அடிக்கடி தொந்தரவு செய்தார்" என்ற வரி எங்களுக்குக் கையில் பிடிபடாது. தேதி, இடம், சொன்ன சொல், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வேண்டும். ஆகவே நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பத்தி எழுதினோம். அந்த மென்டர் சொன்ன வார்த்தையை நாகரிகமாக மாற்றாமல் அப்படியே எழுதச் சொன்னேன். அதை எழுதத்தான் அவர் அதிக நேரம் எடுத்தார்.

கேபில் நடந்ததற்கு நேரில் பார்த்த சாட்சி இல்லை. ஆனால் அன்றிரவே விடுதித் தோழிக்கு அழுதுகொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். நடந்த உடனே சொன்ன பேச்சுக்குக் குழுவில் நல்ல மதிப்பு உண்டு. இரண்டு மாதம் கழித்து யோசித்துக் கட்டிய கதை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அலுவலகச் சாட்டில் வந்த இரண்டு செய்திகளையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். ஜூன் 30-க்குப் பிறகு அந்தக் கணக்கே திறக்காது. கடைசி நாள் வரை காத்திருக்கும் இன்டர்ன்கள் இழப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஜூன் 18 அன்று புகாரும் ஆவணங்களும் ஆறு பிரதிகளாகக் குழுத் தலைவரிடம் போயின. அத்துடன் ஒரு தனி வேண்டுகோளும் வைத்தோம். இன்டர்னுக்கு உண்மையான பயம் அந்த ஆளைவிட, அவர் கையெழுத்துப் போடும் மதிப்பீட்டுத் தாள்தான். விசாரணை நடக்கும்போது எதிர்த்தரப்பினர் புகார்தாரரின் வேலையை மதிப்பிடக் கூடாது, வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று இடைக்கால நிவாரணம் கேட்க விதிகளில் இடமுண்டு. கேட்டால்தான் கிடைக்கும். எழுத்தில் கேட்டோம், நான்காம் நாளே வேறொரு மேலாளரிடம் மதிப்பீடு போனது.

அப்புறம் விசாரணை. புகாரின் நகல் ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போகும், அவர் பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும், மொத்தமும் தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். வக்கீலுக்கு உள்ளே இடமில்லை, ஆகவே நானும் போகவில்லை. இதற்கிடையில் குழுவிலிருந்து ஒருவர் அழைத்து, "சமரசமாப் போயிடலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். சமரசம் சட்டத்தில் உண்டுதான். ஆனால் புகார் கொடுத்த பெண்ணே கேட்டால் மட்டும், அதுவும் பணம் கைமாறாமல். குழு தானாகக் கேட்பது தப்பு. அவர் வேண்டாம் என்று மின்னஞ்சலில் பதில் போட்டார், பேச்சு அத்தோடு நின்றது.

அவரை அதிகம் அரித்தது இன்னொன்று: "நிரூபிக்க முடியலைன்னா என் மேலயே நடவடிக்கை எடுப்பாங்களாமே?" பொய்யென்று தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு கொடுத்தது என்று தனியாக விசாரித்து முடிவு செய்தால்தான் அப்படி. ஆதாரம் போதவில்லை என்பது மட்டும் பொய்ப் புகார் ஆகாது, இதைச் சட்டமே சொல்கிறது. குழுவும் கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கிறது. காவல் நிலையத்துக்கும் போக நினைத்தால் அது தனி வழி, இதை நிறுத்த வேண்டியதில்லை.

ஜூலையில் விடுதி அறையிலிருந்து வீடியோவில் சாட்சி சொன்னார். செப்டம்பர் முதல் வாரம் அறிக்கை வந்தது. செய்திகளும் கேப் சம்பவமும் நிரூபணமாயின. டின்னர் ஜோக் ஆகவில்லை. அந்த மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் ஒன்றும் நினைவில்லையாம். அறிக்கை கிடைத்த அறுபது நாளுக்குள் நிறுவனம் அதன் பரிந்துரையைச் செயல்படுத்த வேண்டும். அந்த ஊழியருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை, அந்த ஆண்டு ஊதிய உயர்வு இல்லை, இனி இன்டர்ன்களுக்கு மென்டராக இருக்கக் கூடாது.

வேலையை விட்டே அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் இருக்கிறது, செய்யலாமா என்று கேட்டேன். "அந்த மூணாவது போதும் மேடம்" என்றார். ஜனவரியில் அங்கே அடுத்த பேட்ச் சேர்கிறதாம், அதில் அவருடைய ஜூனியர் இரண்டு பேர்.